காணாமற்போன நாய்க்கான அறிவிப்பைத் திருத்தி எழுதுதல்: முதலில் அடையாளம், அடுத்து இடம், பிறகு எண்

வளர்ப்புப் பிராணி காணாமற்போனதை ஊராருக்குத் தெரிவிக்கும் அறிவிப்பு, அதை எழுதுபவரின் துயரத்தைப் பதிவுசெய்வதற்காக ஒட்டப்படுவது அன்று. அந்தப் பிராணியைத் தற்செயலாகக் காணக்கூடிய, வீட்டாருக்கு முன்பின் தெரியாத ஒருவர் கண்டதும் தகவல் சொல்வதற்காக ஒட்டப்படுவது. அப்படிப்பட்டவரின் மனத்தில் மூன்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. தேடப்படும் நாய் எப்படி இருக்கும், அது தம் பகுதிக்கு வந்திருக்க வாய்ப்பு உண்டா, பார்த்தால் யாரிடம் சொல்வது என்பவையே அவை. இந்த மூன்றுக்கும் இதே வரிசையில் விடை தராத அறிவிப்பு, எத்தனை உருக்கமாக எழுதப்பட்டிருந்தாலும், பாதியிலேயே கைவிடப்படும். செய்தித்தாள்களில் முதன்மையான விவரம் மேலேயும் குறைந்த முதன்மையுள்ளவை கீழேயும் அமைவதைத் தலைகீழ்ப் பிரமிடு முறை என்பர். கட்டுரையைக் கீழிருந்து எவ்வளவு வெட்டினாலும் செய்தி கெடாமல் நிற்பதே அதன் பயன். காணாமற்போன பிராணிக்கான அறிவிப்பும் அவ்வாறே, கீழிருந்து எந்த இடத்தில் வெட்டப்பட்டாலும் தேடலுக்குப் பயன்படும்படி எழுதப்பட வேண்டும். இந்த இயலில் அத்தகைய அறிவிப்பு ஒன்று, ஆலங்காயம் வட்டாரத்தை இடமாகக் கொண்டு, வரி வரியாகத் திருத்தி எழுதப்படுகிறது.

படிப்பவர் யார்

ஆலங்காயம், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூராட்சி. 2019ஆம் ஆண்டு வரை வேலூர் மாவட்டத்தில் இருந்து, அந்த ஆண்டு நவம்பரில் உருவான திருப்பத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. இங்கிருந்து ஒரு சாலை வாணியம்பாடிக்கும், ஒன்று திருப்பத்தூர்ப் பக்கமும், ஒன்று காவலூர் வழியாக மலைக்கும் செல்கின்றன. சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் நாள்தோறும் வேலைக்குச் செல்பவர்கள் காலையில் வேனுக்கும் பேருந்துக்கும் காத்திருக்கும் சில நிமிடங்களிலும், மாலையில் இறங்கி வீடு திரும்பும் வழியிலும்தான் சுவரில் இருப்பதைப் படிக்கிறார்கள். மலைப்பக்கம் ஆடு மாடு ஓட்டிச் செல்பவர்கள், பால் கறந்து சேகரிப்பு மையத்துக்குக் கொண்டுவருபவர்கள், விடியற்காலையில் தேநீர்க் கடை திறப்பவர்கள் ஆகியோரே அலைந்து திரியும் நாயை உண்மையில் முதலில் காண்பவர்கள். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் உருது பேசுவோரும் பெருந்தொகையினராக இருப்பதால், அந்த ஊர்களில் ஒட்டப்படும் தாளில் படமும் எண்ணும் மட்டுமே கூடப் பொருளை உணர்த்தும்படி இருக்க வேண்டும். உருது எழுதத் தெரிந்தவரைக் கொண்டு ஒரு வரி சேர்த்தால் நல்லது. இவர்களில் எவருக்கும் நின்று பதினைந்து வரி படிக்க நேரமில்லை என்பதை வைத்தே அறிவிப்பை அமைக்க வேண்டும்.

வண்டியில் செல்பவரின் நிலை இன்னும் கடினமானது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் இருசக்கர வாகனம் ஒரு நொடியில் ஏறக்குறைய 11 மீட்டரைக் கடந்துவிடுகிறது. ஒருவர் தலையைத் திருப்பி இரண்டு மூன்று நொடிகள் பார்ப்பதற்குள் தாள் பின்னால் போய்விடும். அமெரிக்காவில் காவல்துறைப் பணியிலிருந்து விலகிக் காணாமற்போன பிராணிகளைத் தேடும் முறைகளைப் பயிற்றுவித்த கேட் ஆல்பிரெக்ட் என்பவர் இதற்காகவே ஐந்து சொல், ஐந்து நொடி, மணிக்கு 55 மைல் என்று ஒரு விதி வகுத்தார். அதாவது, மணிக்குச் சுமார் 88 கி.மீ. வேகத்தில் செல்பவருக்கு ஐந்து நொடி கிடைத்தால் ஐந்து சொல்லுக்கு மேல் பதியாது என்பது அதன் பொருள். நம் சாலைகளில் வேகம் குறைவு என்றாலும் குழி, எதிர்வரும் பேருந்து, குறுக்கே வரும் மாடு என்று கண்ணுக்கு வேறு வேலைகள் மிகுதி. ஆகவே விதி இங்கும் பொருந்தும்.

திருத்தப்பட வேண்டிய மாதிரி

நாய்கள் வீட்டை விட்டு ஓடும் நாள்களில் தீபாவளி முதன்மையானது. தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் நேரம் வரையறுக்கப்பட்டிருப்பதால், அந்த இரண்டு மணி நேரங்களிலும் சத்தம் ஒரே அடியாகக் குவிந்து, கட்டப்படாத நாய் திசை தெரியாமல் ஓடிவிடுகிறது. அப்படி ஓடிய ஒரு நாட்டு நாய்க்காக எழுதப்படக்கூடிய அறிவிப்பு பெரும்பாலும் கீழ்க்கண்டவாறு அமையும். இது பயிற்சிக்காக எழுதப்பட்ட மாதிரி. ஆனால் இதன் ஒவ்வொரு வரியையும் ஏதேனும் ஓர் ஊர்ச் சுவரில் காணலாம்.

> அன்பார்ந்த பொதுமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள்! எங்கள் வீட்டில் கடந்த ஐந்து ஆண்டுகளாகப் பிள்ளைபோல் வளர்ந்துவந்த எங்கள் செல்லம் மணி, நேற்று வெடிச் சத்தத்துக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடிவிட்டான். அப்போதிலிருந்து வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. குழந்தைகள் அழுதுகொண்டே இருக்கிறார்கள். மணி மிகவும் சாதுவானவன், யாரையும் கடிக்க மாட்டான், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வருவான். பிரவுன் கலர், கழுத்தில் பெல்ட் உள்ளது. கண்டவர்கள் தயவுசெய்து பிடித்துக் கட்டிவைத்துத் தகவல் தெரிவிக்கவும். தக்க சன்மானம் வழங்கப்படும். இப்படிக்கு, மணியின் குடும்பத்தார், ஆலங்காயம். தொடர்புக்கு: 00000 00000

இதில் நாய் என்ற சொல்லே இல்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். முதல் இரண்டு வரிகளைப் படிப்பவர் மணி என்பது வீட்டுப் பிள்ளையா, பிராணியா என்று அறிய முடியாது. "பிரவுன் கலர், கழுத்தில் பெல்ட்" என்ற இடத்துக்கு வந்த பிறகே புரிகிறது. தமிழ்நாட்டில் "காணவில்லை" என்ற தலைப்பைக் கண்டால் மனம் முதலில் காணாமற்போன மனிதரையே நினைக்கும் என்பதால், தலைப்பிலேயே "நாய் காணவில்லை" என்று இரண்டு சொற்களாக எழுதுவது கட்டாயம். அடுத்த குறை, அடையாளத்துக்கு மொத்தமே நான்கு சொற்கள் கிடைத்திருக்க, குடும்பத்தின் துயரத்துக்கு அதைவிடப் பல மடங்கு இடம் போயிருக்கிறது. அந்தத் துயரம் உண்மையானதுதான். ஆனால் பால் கேனோடு சைக்கிளில் போகிறவர் தமக்கு எதிரே வரும் நாயை இந்தத் தாளில் உள்ள நாயோடு ஒப்பிட அது எவ்வகையிலும் உதவாது.

அடையாளம்

அடையாள விவரத்தை எழுதும்போது, அந்த நாயை ஒருபோதும் பார்த்திராதவர் அதே ஊரில் திரியும் வேறு நாய்களிலிருந்து அதைப் பிரித்தறியும் அளவுக்கு எழுத வேண்டும், அதற்கு மேல் வேண்டியதில்லை. "பிரவுன் கலர்" என்பது ஊரிலுள்ள நாட்டு நாய்களில் பெரும்பகுதிக்குப் பொருந்திவிடும். ஆகவே நிறத்தை மக்கள் வழங்கும் சொல்லால் சொல்லி, அதன்மேல் மாறுபாட்டைச் சேர்க்க வேண்டும்: செவலை உடல், வெள்ளை நெஞ்சு, வெள்ளை வால்நுனி. செவலை என்ற சொல்லை மாடு வளர்ப்பவர் எல்லாரும் அறிவர். அது எந்தச் சிவப்புப் பழுப்பு என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அளவை எண்ணில் சொல்வதைவிட உடம்பில் காட்டுவது மேல், "52 செ.மீ." என்பதைவிட "முழங்கால் உயரம்" என்பதை யாரும் உடனே கண்முன் கொண்டுவருவர்.

இனப்பெயர் பயன்படுவதும் பயன்படாததும் படிப்பவரைப் பொறுத்தது. ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை போன்ற பெயர்கள் நாய் வளர்ப்போருக்குப் பொருள் தரும். மற்றவருக்கு வெள்ளை நிறம், ஒடுங்கிய இடை, நீண்ட கால் என்று உருவத்தைச் சொன்னால்தான் விளங்கும். நகரங்களில் பொமரேனியன் என்று சொல்லப்படும் நாயைப் பல ஊர்களில் "சடை நாய்" என்றே அழைக்கிறார்கள். அறிவிப்பிலும் அதையே எழுதி, வேண்டுமானால் இனப்பெயரைப் பக்கத்தில் சேர்க்கலாம். காதும் வாலும் தொலைவிலிருந்தே தெரிபவை: விறைத்த காதா, மடிந்த காதா, சுருண்ட வாலா, தொங்கும் வாலா என்று எழுதுவது நிறத்துக்கு அடுத்தபடி பயன் தரும். கருத்தடை செய்யப்பட்ட தெருநாய்களின் காதில் அடையாளமாகச் சிறு வெட்டு இடப்படுவது வழக்கம். தேடப்படும் நாயின் காதில் அப்படி ஏதும் உண்டா இல்லையா என்பதையும் குறிப்பது, அதே நிறமுள்ள தெருநாயைப் பார்த்து வீணாக வரும் அழைப்புகளைக் குறைக்கும்.

கழுத்துப்பட்டை பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. தோல் தொழில் நடக்கும் இந்த வட்டாரத்தில் நாய்க்குத் தோல் வார் கட்டியிருப்பது அரிய அடையாளம் அன்று. நிறமும், கொக்கி பித்தளையா இரும்பா என்பதும், மணி தொங்குகிறதா என்பதும் சேர்ந்தால்தான் அது அடையாளமாகும். மேலும், பட்டை அறுந்து விழலாம், முள்ளில் சிக்கிக் கழன்றும் போகலாம். பட்டையை முதல் அடையாளமாக எழுதிவிட்டால், பட்டையில்லாத அதே நாயைக் காண்பவர் இது அது அன்று என்று விட்டுவிடுவார். எனவே உடலில் உள்ள அடையாளங்களை முன்னே எழுதி, "ஓடியபோது கழுத்தில் சிவப்புத் தோல் பட்டை இருந்தது" என்று கடைசியில் சேர்ப்பது முறை. "இருந்தது" என்ற இறந்தகாலம் இங்கே வேண்டுமென்றே இடப்படுகிறது.

ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் அறிவிப்பில் எழுதாமல் வீட்டார் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். மாதிரி நாய்க்கு இடது பின்னங்காலின் உட்புறம் பழைய தழும்பு ஒன்று இருப்பதாகக் கொண்டால், அது தாளில் வரக் கூடாது. நாய் தம்மிடம் இருப்பதாகச் சொல்லி, முதலில் பணம் அனுப்பினால்தான் இடத்தைச் சொல்வோம் என்று அழைக்கும் ஏமாற்றுக்காரர்கள் சன்மானம் அறிவிக்கப்படும் இடங்களில் எல்லாம் தோன்றுகிறார்கள். அவர்களிடம் அந்தத் தழும்பைப் பற்றிக் கேட்டாலோ, அப்போதே எடுத்த படம் ஒன்றை அனுப்பச் சொன்னாலோ உண்மை தெரிந்துவிடும். நாயை நேரில் கண்ட பிறகே பணம் என்பதில் வீட்டார் தளர்ந்துவிடக் கூடாது.

படம் அடையாளத்தின் பாதி. நாய் குழந்தையின் மடியில் படுத்திருக்கும் படமோ, பொட்டு வைத்து மாலையிட்ட படமோ உதவாது. பக்கவாட்டில் நின்று, நான்கு கால்களும் வாலும் தெரிய, வெயில் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம் போதும். கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் செவலையும் கறுப்பும் ஒன்றாகிவிடும் என்பதால், படத்தை நம்பி நிறத்தை எழுதாமல் விடுவது பிழை.

கடைசியாகப் பார்த்த இடம்

கடைசியாகப் பார்த்த இடம் என்பது நாய் வாழ்ந்த வீட்டின் முகவரி அன்று. உறுதியாக யாரோ ஒருவரின் கண்ணில் அது இறுதியாகப் பட்ட இடமும் நேரமும் திசையும் சேர்ந்தது. மாதிரி அறிவிப்பில் "ஆலங்காயம்" என்ற ஊர்ப்பெயர் மட்டும், அதுவும் கையொப்பத்தின் பக்கத்தில் வருகிறது. அதைப் படிக்கும் வாணியம்பாடிச் சாலைக்காரர் தம் பக்கம் பார்க்க வேண்டுமா, காவலூர்ச் சாலைக்காரர் பார்க்க வேண்டுமா என்பது தெரியாது. "காவலூர்ச் சாலையில், பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, மலைப்பக்கமாக ஓடியது" என்று எழுதினால், அந்தச் சாலையில் உள்ளவர் தம் மாட்டுக்கொட்டகையையும் வைக்கோற்போரின் பின்புறத்தையும் ஒரு முறை பார்ப்பார். மற்றவர் தமக்கு அத்தனை அவசரமில்லை என்று அறிந்துகொள்வார். அடையாள இடமாக வெளியூர்க்காரரும் அறிந்ததைத் தருவது நல்லது. காவலூர் என்றால் அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தைச் சொன்னால் வழிப்போக்கர்களுக்கும் திசை பிடிபடும்; "முருகன் கடை எதிரில்" என்பது அந்தத் தெருவுக்கு மட்டுமே பயன்படும்.

நேரத்தைப் பொறுத்தவரை "நேற்று", "இன்று காலை" என்ற சொற்களை அறவே நீக்க வேண்டும். சுவரில் ஒட்டிய தாள் பத்து நாள் இருக்கும். கைபேசியில் பகிரப்பட்ட செய்தி பல மாதங்கள் சுற்றும். பிராணி வீடு திரும்பி நெடுநாள் ஆன பின்னும் "நேற்று காணவில்லை" என்று வந்துகொண்டே இருக்கும் செய்திகள், அடுத்து உண்மையாகவே நாயைத் தொலைத்தவரின் அறிவிப்பையும் யாரும் நம்பாத நிலைக்குக் கொண்டுவிடுகின்றன. ஆகவே நாள், கிழமை, ஆண்டு ஆகிய மூன்றும் எழுதப்பட வேண்டும்; தீபாவளி போன்ற நாள் என்றால் அதன் பெயரையும் சேர்த்தால் மக்கள் நினைவில் தேதியைவிட அது எளிதில் ஊன்றும்.

தொலைந்த இரண்டாம் நாளே வேறோர் இடத்தில் பார்த்ததாக நம்பத்தக்க தகவல் வந்தால், அறிவிப்பிலுள்ள இடம் பழையதாகிவிட்டது என்று பொருள். புதிய இடத்தைக் கொண்டு புதிய தாள் அடித்து, அந்தப் புதிய இடத்தைச் சுற்றி ஒட்ட வேண்டும். பழைய தாளை வீட்டைச் சுற்றி மட்டும் வைத்துக்கொண்டு காத்திருப்பதால் பயனில்லை. இந்த மாற்றத்தைச் செய்யாமல் விடுவதால்தான் பல தேடல்கள் வீணாகின்றன.

தொடர்புகொள்ளும் வழி

எண் ஒன்றை மட்டும் கடைசி வரியில் சிறிய எழுத்தில் எழுதிவிடுவது தொடர்புகொள்ளும் வழியைத் தருவதாகாது. அந்த எண்ணை எடுப்பவர் யார், எந்த நேரத்தில் எடுப்பார், அழைக்க வேண்டுமா படம் அனுப்ப வேண்டுமா என்பவையும் அதில் அடங்கும். வீட்டில் சம்பாதிப்பவரின் எண்ணை எழுதுவது வழக்கமாக இருந்தாலும், அவர் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நிற்பவர் என்றால் பகல் முழுவதும் அழைப்பு எடுக்கப்படாமல் போகும். நாயைப் பார்த்தவர் இரண்டாம் முறை அழைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பகல் முழுவதும் வீட்டிலோ கடையிலோ இருப்பவரின் எண் முதலிலும், மற்றவருடையது இரண்டாவதாகவும் வர வேண்டும். மலைச்சாலையில் தொடர்பு விட்டுவிட்டுக் கிடைப்பதாலும், பார்த்தவரின் கைபேசியில் பணம் இல்லாதிருக்கலாம் என்பதாலும், "மிஸ்டு கால் கொடுத்தாலும் போதும்" என்ற நான்கு சொற்கள் பல அழைப்புகளைக் கொண்டுவரும்.

பத்து இலக்கங்களையும் ஒரே சரமாக எழுதாமல் ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதினால் மனத்தில் நிற்கும். வீட்டுக் கதவு எண்ணும் தெருவும் அறிவிப்பில் வேண்டியதில்லை. எண் இருக்கும்போது முகவரி தேடலுக்கு எதையும் கூட்டுவதில்லை, வீட்டாரின் பாதுகாப்பைக் குறைக்கிறது. தாளின் அடிப்பகுதியில் எண்ணைச் சிறு சிறு பட்டைகளாகத் திரும்பத் திரும்ப அச்சிட்டு, இடையே கத்தரித்துத் தொங்கவிட்டால், பேருந்துக்கு ஓடுபவரும் ஒன்றைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

இதோடு சேர்ந்தது, கண்டவர் என்ன செய்ய வேண்டும் என்ற அறிவுறுத்தல். மாதிரி அறிவிப்பில் "பிடித்துக் கட்டிவைத்து" என்று இருப்பது அந்தத் தாளிலேயே மிகவும் ஆபத்தான வரி. வெடிச் சத்தத்தில் மிரண்டு இரண்டு நாள் பட்டினி கிடந்த நாய், வீட்டில் எத்தனை சாதுவாக இருந்திருந்தாலும், முன்பின் தெரியாதவர் கயிற்றோடு நெருங்கினால் ஓடும். ஓட இடமில்லை என்றால் கடிக்கும். ஓடினால், அதுவரை ஒரே இடத்தில் ஒளிந்திருந்த நாய் சாலையைக் கடந்து வேறு ஊருக்குப் போய்விடும். கடித்தால், வெறிநாய்க்கடி எனப்படும் ரேபிஸ் பற்றிய அச்சம் எழுந்து, ஊரார் அந்த நாயை அடிக்கவும் கூடும். கடிபட்டவரோ காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவராகிறார். எனவே "துரத்த வேண்டாம், பிடிக்க வேண்டாம், நிற்கும் இடத்தைச் சொன்னால் போதும்" என்ற வரி எண்ணுக்கு அடுத்தபடியாகவே வர வேண்டும். நாயின் பெயரும் இதே காரணத்தால் கீழே போகிறது: தெரியாத குரல் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது மிரண்ட நாய் நெருங்கி வருவதைவிட விலகிப் போவதே மிகுதி.

சன்மானத் தொகையை எழுதாமல் "சன்மானம் உண்டு" என்று மட்டும் குறிப்பிடுவது நல்லது. பெரிய தொகையைப் பார்த்தால் இளைஞர்கள் கூட்டமாக வண்டியெடுத்துத் துரத்தத் தொடங்குவர். மேலே சொன்ன எல்லாக் கேடுகளும் அதிலிருந்தே தொடங்கும்.

திருத்திய வடிவம்

மேற்கண்டவற்றைக் கொண்டு அதே அறிவிப்பைத் திருத்தினால் கீழ்க்கண்டவாறு அமையும்.

> நாய் காணவில்லை
>
> (பக்கவாட்டில் நிற்கும் வண்ணப் படம்)
>
> செவலை நாட்டு நாய், ஆண். வெள்ளை நெஞ்சு, வெள்ளை வால்நுனி. முழங்கால் உயரம், விறைத்த காது. காதில் வெட்டு இல்லை. ஓடியபோது கழுத்தில் சிவப்புத் தோல் பட்டை இருந்தது.
>
> கடைசியாகப் பார்த்தது: ஆலங்காயம், காவலூர்ச் சாலை. 20.10.2025 திங்கள், தீபாவளி இரவு 7.30 மணி. மலைப்பக்கமாக ஓடியது.
>
> பார்த்தவுடன் அழைக்க: 00000 00000 (எந்த நேரமும், மிஸ்டு கால் போதும். படம் இருந்தால் இதே எண்ணுக்கு வாட்ஸப்பில் அனுப்பலாம்.) மற்றோர் எண்: 00000 00000
>
> துரத்த வேண்டாம், பிடிக்க வேண்டாம். நிற்கும் இடத்தைச் சொன்னால் போதும். சன்மானம் உண்டு.
>
> வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடியது. பெயர் மணி. வீட்டில் குழந்தைகள் காத்திருக்கிறார்கள்.

குடும்பத்தின் உணர்வு இதில் முற்றும் அகற்றப்படவில்லை. கடைசி வரியில், இடம் இருந்தால் நிற்கவும் இல்லையேல் உதிரவும் கூடிய நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. தலைப்பும் படமும் மட்டும் பார்த்தவருக்கு நாய் ஒன்று தொலைந்தது தெரியும். முதல் வரியோடு நிறுத்தியவருக்கு எந்த நாய் என்பது தெரியும். இரண்டாம் பத்தியோடு நிறுத்தியவர் தம் பகுதியில் கவனமாக இருப்பார்.

தாளிலும் கைபேசியிலும்

சுவரொட்டியாக அடிக்கும்போது, நம் ஊர்ச் சுவர்களில் மிகுதியாகக் காணப்படுவது கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்பதை மறக்கக் கூடாது. வெள்ளைத் தாளில் நடுவே முகப்படம், அதன் கீழ்ப் பெயர், தேதி என்று அமைத்தால் தொலைவிலிருந்து பார்ப்பவர் அதை இரங்கல் சுவரொட்டி என்று எண்ணிக் கடந்துவிடுவார். பளிச்சென்ற மஞ்சள் தாளில், தலைப்பைத் தாளின் முழு அகலத்துக்கும் பெரிதாக்கி, முகத்தை மட்டும் காட்டாமல் முழு உருவப் படம் வைத்தால் இந்தக் குழப்பம் வராது. சாலைச் சந்திப்புகளில் ஒட்டும் தாளில் தலைப்பு, படம், நிறம், எண் ஆகியவை மட்டும் இருந்தால் போதும். நின்று படிக்கும் இடங்களான தேநீர்க் கடை, நியாயவிலைக் கடை, பால் சேகரிப்பு மையம், அரசு கால்நடை மருந்தகம் ஆகியவற்றுக்கு முழு வடிவத்தைக் கொடுக்கலாம். வீட்டு அச்சுப்பொறிகளில் பலவற்றின் மை நீரில் கரையக்கூடியது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசியில் முதலில் அழிவது எண்தான். கடையில் நகலெடுத்த தாளின் மை கரையாது. இருந்தாலும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி ஒட்டினால் மழைநீர் உள்ளே தங்காது. பொதுச் சுவர்களில் ஒட்டுவதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் உள்ளது. ஆகவே கடைக்காரரிடமும் வீட்டுக்காரரிடமும் கேட்டு அவர்கள் இடத்தில் ஒட்டுவதே முறை. அப்படிக் கேட்கும்போது அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவதும் ஓர் அறிவிப்பே.

வாட்ஸப்பில் நீண்ட செய்தி முழுதாகத் தெரிவதில்லை. சில வரிகளுக்குப் பின் மறைந்து, மீதியைப் படிக்கத் தட்ட வேண்டியிருக்கும். மாதிரியின் முதல் வடிவத்தை அனுப்பினால் வெளியே தெரிவது வேண்டுகோளும் பாசமும் மட்டுமே. அதைவிடப் பெரிய சிக்கல், பகிர்பவர் பலர் படத்தை மட்டும் தனியே அனுப்பிவிடுவது. ஆகவே நிறம், இடம், நாள், எண் நான்கையும் படத்தின் மேலேயே எழுதி ஒரே படமாக்கி அனுப்ப வேண்டும். பிரிந்து போனாலும் எண் கூடவே போகும். குரல்பதிவு அனுப்பும் பழக்கம் உள்ள குழுக்களில், படிக்கத் தெரியாதவர்களுக்காக இதே வரிசையில் அரை நிமிடக் குரல்பதிவும் சேர்க்கலாம்.

தொலைந்தது பூனையானால் மேற்கண்ட முறை மாற வேண்டும். ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட காணாமற்போன பூனைகளைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், கிடைத்த பூனைகளில் பாதி தொலைந்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளும், நான்கில் மூன்று பங்கு 500 மீட்டருக்குள்ளும் இருந்தன. எனவே பூனைக்கான தாளைச் சாலைச் சந்திப்பில் ஒட்டுவதைவிட அக்கம்பக்கத்து இருபது வீடுகளில் கையில் கொடுத்து, "தயவுசெய்து உங்கள் பரண், விறகுக் கொட்டில், பூட்டிய அறை ஆகியவற்றை ஒரு முறை திறந்து பாருங்கள்" என்ற வரியை எண்ணுக்கு மேலேயே எழுத வேண்டும்.

அழைப்பு வரும்போது எடுப்பவரின் முன்னால் தாளும் பேனாவும் இருக்க வேண்டும். "எங்கே பார்த்தீங்க, எப்போ பார்த்தீங்க, எந்தப் பக்கம் போச்சு" என்ற மூன்றையும் முதலில் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே நாயின் நலத்தைப் பற்றிப் பேச வேண்டும். அழைத்தவரின் தொடர்பு எந்த நொடியும் அறுந்துவிடலாம். அறிவிப்பு ஒட்டியதோடு தேடல் முடிந்துவிடுவதும் இல்லை. அமெரிக்காவில் நடந்த, 2012இல் வெளியான கணக்கெடுப்பு ஒன்றில் திரும்பக் கிடைத்த நாய்களில் ஏறக்குறைய பாதி அக்கம்பக்கத்தில் நேரில் தேடியதால் கிடைத்தவை. தாள் ஒட்டச் செல்லும் வழியிலேயே ஓடைப்பாலத்தின் அடியிலும் புதர்களிலும் பார்த்துச் செல்வது, விடியற்காலையில் சாலை அமைதியாக இருக்கும்போது வீட்டார் தாமே மெல்ல நடந்து போவது ஆகியவை அறிவிப்போடு கூடவே நடக்க வேண்டும்.

நாய் வீடு வந்து சேர்ந்ததும், ஒட்டிய ஒவ்வொரு தாளையும் வீட்டாரே கிழித்தெடுக்க வேண்டும். அனுப்பிய ஒவ்வொரு குழுவுக்கும் அதே படத்தின் குறுக்கே "கிடைத்துவிட்டது" என்ற சொல்லையும் கிடைத்த தேதியையும் எழுதித் திரும்ப அனுப்ப வேண்டும். தகவல் சொன்னவருக்குச் சன்மானத்தை அன்றே கையில் கொடுத்துவிட வேண்டும்.